கடலூரிலிருந்து கொடைக்கானலுக்குக் குழந்தைகளோடு காரில்: கறை காட்டாத நிறங்கள், சட்டென்று கழற்றும் அடுக்குகள் – முழுமையான வழிகாட்டி

"கறுப்பு போட்டுவிடு, அழுக்கு தெரியாது." ஊருக்குக் கிளம்பும்போது வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். அப்பாவின் பேண்ட்டுக்கு அது சரி. மூன்று வயதுப் பையனின் சட்டைக்குச் சரிவராது. தயிர் சாதம், பால், பிஸ்கட் தூள், முகத்துக்குப் பூசிய பவுடர், காய்ந்த எச்சில், வியர்வை உலர்ந்து நிற்கும் உப்புக்கோடு என்று குழந்தை மேலே சிந்துவதில் பாதிக்குமேல் வெளிறிய சமாசாரம். கறுப்பில் அத்தனையும் பளிச்சென்று தெரியும்.

குழந்தைகளுக்குத் தைத்துக் கொடுப்பது என் வேலை. கடலூரில் கோடை விடுமுறை தொடங்கினால் "மலைக்குப் போறோம், என்ன போட்டுவிடலாம்?" என்று கேட்காத அம்மா இல்லை. அதனால் பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். மே மாதம், கடலூரிலிருந்து பண்ருட்டி, மடப்பட்டு வழியாகத் திருச்சி நெடுஞ்சாலையில் ஏறி, பெரம்பலூர், திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல். நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. புதுச்சேரிக்காரர்கள் விழுப்புரம் வழியாக வந்து இதே சாலையில் சேர்ந்துகொள்வார்கள். கடற்கரைப் புழுக்கம், கார் ஏசி, திண்டுக்கல் பிரியாணி, மலைப்பாதை வாந்தி, மேலே போனதும் குளிர் என எல்லாம் ஒரே பகலில் வருவதால், இதற்கு உடுத்தத் தெரிந்தால் ஏற்காடோ ஊட்டியோ எதற்கும் தெரிந்த மாதிரிதான்.

காரில் ஐந்து பேர்: அப்பா (அவரேதான் ஓட்டுகிறார்), அம்மா, ஏழு வயதுப் பெண், மூன்று வயதுப் பையன், பாட்டி.

முதல் வேலை: எந்தக் கறை வரும் என்று பாருங்கள்

நிறத்தைத் தேர்ந்தெடுப்பது அப்புறம். இந்தச் சாலையில் உங்கள் வீட்டுக்கு எந்தெந்தக் கறை வரும் என்று முதலில் யோசியுங்கள். பயணக் கறைகளை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது வெளிறியவை. மேலே சொன்ன தயிர், பால், தூள் வகை. இரண்டாவது மஞ்சளும் சிவப்பும்: சாம்பார், பிரியாணி மசாலா, மாம்பழம், செம்மண். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் செருப்பிலிருந்து முழங்கால்வரை செம்மண் ஏறிவிடும். மூன்றாவது கருமையானவை: டீ, சாக்லேட், கார்க்கதவின் கிரீஸ், பலாப்பால், முந்திரிப்பழச் சாறு. முந்திரிப்பழச் சாறு விழுந்தவுடன் ஒன்றும் தெரியாது. நேரம் போகப் போகப் பழுப்பாகித் துணியிலேயே தங்கிவிடும். மே மாதம் பழத்துக்குப் பருவம் என்பதால் நம் மாவட்டத்தைத் தாண்டும்வரை இதற்குத் தனிக் கவனம் வேண்டும்.

நான்காவதை யாரும் கறையாகவே நினைப்பதில்லை: தண்ணீர், வியர்வை, எண்ணெய். இவற்றுக்கென்று நிறம் இல்லை. ஆனால் துணி நனைந்தால் நூலிழைகளுக்கு நடுவில் இருக்கும் காற்று வெளியேறி அந்த இடம் வெளிச்சத்தைச் சிதறடிப்பது குறைகிறது. அதனால் துணியின் நிறமே அங்கே ஒரு படி அடர்ந்து தெரியும். தண்ணீர் காய்ந்தால் அது போய்விடும். எண்ணெய் காயாது, நிற்கும். வெளிர்நீலம், இளஞ்சாம்பல் போன்ற நிறங்களில் இது அப்பட்டமாகத் தெரியும். வெள்ளையிலும் கறுப்பிலும் மிகக் குறைவு. சாம்பல் நிற டி-ஷர்ட் போட்ட அப்பாக்களின் முதுகைப் பார்த்தால் புரியும்.

இப்போது சிக்கல் தெரிகிறது அல்லவா? ஒன்றுக்குக் கறுப்பு வேண்டும், இன்னொன்றுக்கு வெள்ளை வேண்டும். ஒற்றை நிறத்துணி எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு வகைக் கறையைக் காட்டிக்கொடுத்தே தீரும். கறையை மறைப்பது நிறமென்று தேடுவதால்தான் கடையில் குழப்பம். மறைப்பது அச்சு, அதாவது பிரிண்ட்.

இரண்டாவது வேலை: பிரிண்ட்டைத் தேர்ந்தெடுப்பது

எனக்குப் பழக்கமான அளவுகோல் இது. அடித்தளம் நடுத்தர அடர்த்தியில் இருக்க வேண்டும்: கடுகு மஞ்சள், செங்கல் நிறம், மருதாணிப் பச்சை, காப்பிப்பொடி நிறம். அதன்மேல் பூவோ புள்ளியோ இலையோ, அடித்தளத்தைவிட வெளிறிய நிறம் ஒன்று, அடர்ந்த நிறம் ஒன்று, ஆக மொத்தம் மூன்று அடர்த்திகள். தயிர்த்துளி வெளிறிய பூவோடு சேர்ந்துகொள்ளும். சாக்லேட் அடர்ந்த இலையோடு சேர்ந்துகொள்ளும். சாம்பாருக்கு அடித்தளமே துணை.

பிரிண்ட்டின் அளவு இதைவிட முக்கியம். ஒவ்வொரு பூவும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. பூவுக்கும் பூவுக்கும் நடுவில் உள்ள வெற்றிடமும் அதே அளவுக்குள் இருக்க வேண்டும். குழந்தை சிந்துவது பெரும்பாலும் துளியிலிருந்து உள்ளங்கை அளவுவரை. வெற்றிடம் அதைவிடச் சிறிதாக இருந்தால்தான் கறையின் விளிம்பு உடைந்து கண்ணுக்குத் தப்பும். மார்பில் பெரிய கரடிப்பொம்மை போட்டுச் சுற்றிலும் வெள்ளை விட்ட டி-ஷர்ட் இந்தக் கணக்கில் வெறும் வெள்ளைச் சட்டைதான். பையன் அழுதால் அதை ஊருக்குப் போனபின் போட்டுவிடுங்கள்.

அடர்த்தியைக் கண்ணால் அளப்பது கஷ்டம், நிறம் ஏமாற்றும். கைபேசிக் கேமராவைக் கறுப்பு-வெள்ளைக்கு மாற்றித் துணியைப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் கறுப்பு, நடுச்சாம்பல், வெளிர்ச்சாம்பல் மூன்றும் கலந்து தெரிந்தால் வாங்கலாம். சிவப்புப் பூவும் பச்சைத் தளமுமாகக் கண்ணுக்கு அமர்க்களமாக இருக்கும் சில துணிகள் இந்தப் படத்தில் ஒரே சாம்பலாகிவிடும். அவை ஒற்றை நிறத்துணிக்குச் சமம். கடைக்காரர் எதற்குப் படம் எடுக்கிறீர்கள் என்று பார்ப்பார், பரவாயில்லை.

இந்த மாதிரித் துணிக்கு எங்கெங்கோ அலைய வேண்டியதில்லை. திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் அன்றாட ரகமாகவே தொங்கும். புதுச்சேரியில் காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் எக்ஸ்போர்ட் மிச்சம் என்று குவித்துப்போட்ட குவியலில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய பிரிண்ட் சட்டைதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். பலமுறை துவைத்த துணி உறுத்தாது, சாயமும் போகாது.

புதிதாக வாங்கினால் பத்து நாள் முன்னாலேயே வாங்கி இரண்டு முறையாவது துவைத்துவிடுங்கள். பிறகு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, துணியின் உள்பக்கத் தையலில் அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தத் துணி பயணத்துக்கு ஆகாது. மலைப்பாதையில் நனைந்த சட்டையை இன்னொரு துணியோடு சுருட்டி வைக்கும்போது அதன் சாயம் மற்றதற்கு இறங்கும். அந்தக் கறையை எந்தப் பிரிண்ட்டும் மறைக்காது. கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். ஏற்கெனவே சாயமேற்றிய துணியில் உப்பு அதைச் செய்வதில்லை. நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி மிச்சச் சாயத்தை வெளியேற்றுவதுதான் வழி.

மூன்றாவது வேலை: யாருக்கு எந்த இடத்தில் கறை படும்?

குழந்தைக்கு மார்பில் படும், ஓடி விளையாடும் பெண்ணுக்கு முழங்காலிலும் பின்பக்கத்திலும் படும். அம்மாவுக்கோ தோளிலும் மடியிலும். கறை எங்கே விழுமோ அந்த இடத்துக்குத்தான் பிரிண்ட் தேவை. உச்சி முதல் பாதம்வரை பூப்போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

மூன்று வயதுப் பையனுக்கு மேலே கடுகு மஞ்சளில் பொடிப்பிரிண்ட் போட்ட, முன்பக்கம் பட்டன் திறக்கும் அரைக்கைச் சட்டை. கீழே காப்பிப்பொடி நிறத்தில் எலாஸ்டிக் இடுப்பு வைத்த பருத்திப் பேண்ட். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். உட்கார்ந்தே வரும் குழந்தைக்கு இடுப்பு மடிப்பு வயிற்றை அழுத்தும், நனைந்தால் கொடைக்கானல் ஈரத்தில் மறுநாளும் காயாது. எல்லாவற்றுக்கும் மேலே, "அம்மா, ஒண்ணுக்கு வருது" என்று அவன் சொன்னபிறகு பட்டனோடு மல்லுக்கட்ட உங்களுக்கு நேரம் இருக்காது.

ஏழு வயதுப் பெண்ணுக்கு முழங்கால்வரை வரும், முன்பக்கம் பட்டன் திறக்கும் பருத்தி ஃபிராக், அதற்குக் கீழே செங்கல் நிறத்தில் லெக்கின்ஸ். செம்மண்ணில் உட்கார்ந்து எழுந்தாலும் செங்கல் நிறம் தாங்கிக்கொள்ளும். உள்ளே வலைத்துணி வைத்துத் தைத்த ஃபிராக்கை எவ்வளவு அழுதாலும் காரில் போடாதீர்கள். தொடை அரித்து அரைமணி நேரத்தில் அவளே கழற்றச் சொல்வாள்.

அம்மாவுக்குச் சுடிதார் வசதி, ஆனால் கீழே என்ன போடுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். நெடுஞ்சாலைக் கழிவறைகளின் தரை எப்போதும் ஈரம். அகலமான பலாஸோவும் தரையைத் தொடும் பட்டியாலாவும் அந்த ஈரத்தை உறிஞ்சிக் காருக்குள் கொண்டுவரும். கணுக்காலுக்கு மேலே நிற்கும் ஒடுக்கமான பேண்ட் போடுங்கள். துப்பட்டாவுக்குப் பதில் அடர்ந்த நிறத்தில் கட்டம் போட்ட ஈரிழைத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொள்வது என் யோசனை. துப்பட்டா நுனி கதவிடுக்கில் மாட்டிக் கிரீஸ் அப்பும். துண்டு அங்கே மாட்டாது, குழந்தையின் வாயையும் துடைக்கும், வாந்தியையும் பிடிக்கும். கைக்குழந்தை இருந்தால் முன்பக்கம் ஜிப் வைத்த குர்த்தி தேவைப்படும். ஜிப்பை மறைக்கிற மடிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் குழந்தையின் கன்னத்தில் உரசும்.

அப்பாவுக்கு முதுகுதான் பிரச்சினை. சீட்டில் சாய்ந்தே ஓட்டுபவரின் முதுகு வியர்வையில் ஊறும். பொடிக்கட்டம் போட்ட தளர்வான பருத்திச் சட்டை போதும். ஓட்டாத நேரத்தில் லுங்கிக்கு மாறுவேன் என்று அடம்பிடித்தால் விட்டுவிடலாம், கட்டம்போட்ட லுங்கி கறை மறைப்பதில் பலே கெட்டி.

பாட்டிதான் கொஞ்சம் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டியவர். "வெளியூருக்குப் போறப்ப நல்லதா ஒண்ணு கட்ட வேணாமா?" என்று சரிகை வைத்த புடவையை எடுத்து வைத்திருப்பார். "அத்தை, அதை மேலே போய்க் கோயிலுக்குக் கட்டிக்கலாம், வண்டிக்குச் சுங்குடி கட்டிக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். அரக்கோ பாட்டில் பச்சையோ, அடர்ந்த தளத்தில் பொடிப்புள்ளி வைத்த சுங்குடி நாம் மேலே பார்த்த பிரிண்ட் கணக்குக்கு அச்சாகப் பொருந்தும். மெல்லிய பருத்தி என்பதால் புழுக்கமும் இல்லை. போகிற வழியில் திண்டுக்கல்லை ஒட்டிய சின்னாளபட்டியில் நெய்து விற்பதும் அதுதான். வாங்க இறங்கினால் ஒரு மணி நேரம் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நான்காவது வேலை: அடுக்குகள்

ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டில் இறங்கி இளநீர் குடித்த வெயிலுக்கும், மூன்று மணி நேரம் கழித்து மேலே கதவைத் திறக்கும்போது வரும் காற்றுக்கும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருக்கும். மே மாதத்திலும் ராத்திரியில் குளிர் நன்றாகவே இறங்கும். இந்த வித்தியாசத்தை ஒரே தடித்த ஸ்வெட்டரால் சமாளிக்க முடியாது. போட்டால் வியர்க்கும், கழற்றினால் நடுங்கும்.

மூன்று அடுக்கு போதும். அடியில் கையில்லாத பருத்திப் பனியன். நடுவில் பிரிண்ட் சட்டை. மேலே முன்பக்கம் ஜிப் வைத்த மெல்லிய ஜெர்கின் அல்லது ஸ்வெட்டர். இவற்றில் பனியனைத் தவிர மற்ற எதுவும் தலைவழியாகக் கழற்றுவதாக இருக்கக்கூடாது. காரணம் எளிது: குழந்தை சட்டைமேல் வாந்தி எடுத்துவிட்டால், கழுத்துவழியாக உருவும்போது அது முகத்திலும் முடியிலும் கண்ணிலும் அப்பும். பட்டன் திறந்தால் பின்பக்கமாக உரித்து எடுத்துவிடலாம். கைக்குழந்தைக்குத் தோளில் மடிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக வரும் ஜப்லா கிடைக்கும். அந்த மடிப்பு இருப்பதால் கழுத்தை விரித்துக் கால்வழியாகக் கீழே இறக்கிவிடலாம். பல வீடுகளில் இது தெரியாமல் தலைவழியாகவே இழுக்கிறார்கள்.

பனியன் எதற்கு, மே மாதத்தில் போய் இன்னொரு துணியா என்று கேட்பார்கள். கடலூர்ப் புழுக்கத்தில் வியர்த்து ஊறிய சட்டையோடு ஏசிக்குள் ஏறினால் ஈரம் உடம்பிலேயே சில்லிட்டுப்போகும். பனியன் அந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளும். நிறுத்தும் இடத்தில் பனியனை மட்டும் மாற்றினால் போதும், அதே சட்டையைத் திரும்பப் போடலாம். குழந்தையின் பின்கழுத்துக்குக் கீழே, சட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் ஓர் அடுக்கு அதிகம். சில்லென்று ஈரமாக இருந்தால் பனியனை மாற்ற வேண்டும். கை கால் சில்லிட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஏசிக் காற்று படும் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும்.

மேலடுக்கில் ஒரு விஷயத்தைத் தவறவிடக்கூடாது. பஞ்சு அடைத்த தடித்த ஜெர்கினுக்கு மேலே சீட் பெல்ட் போட்டால் பெல்ட் இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது பஞ்சைத்தான் இறுக்கியிருக்கிறது. மோதினால் பஞ்சு அமுங்கி, அந்த அளவுக்குப் பெல்ட் தளர்ந்துவிடும். அதனால் வண்டிக்குள் தடித்த ஜெர்கின் கிடையாது. பெல்ட்டையோ குழந்தை இருக்கையின் வாரையோ மெல்லிய துணிமேல் போட்டுவிட்டு, குளிர்ந்தால் ஜெர்கினை அதன்மேல் போர்வையாகப் போர்த்துங்கள்.

இன்னொன்று, இதுவரை சொன்னதற்கு நேர் எதிரானது. மேலடுக்குக்குக் கறை மறைக்கும் நிறம் வேண்டாம். ஆரஞ்சோ எலுமிச்சை மஞ்சளோ, கண்ணைப் பறிப்பதாக இருக்கட்டும். காப்பிப்பொடியும் மருதாணிப் பச்சையும் போட்ட குழந்தை, விடியாத இருட்டில் டீக்கடை ஓரத்தில் லாரி பின்னால் எடுப்பவருக்குத் தெரியாது. கொடைக்கானல் மூடுபனியில் உங்களுக்கே தெரியாது. கறை உள்ளே விழட்டும், வெளியே குழந்தை தெரியட்டும். மேலடுக்கைச் சாப்பாட்டு நேரத்தில் கழற்றிவிடுவதால் அதில் கறை படுவதும் குறைவு.

அந்த நாள் எப்படிப் போகும்?

விடிகாலை நான்கரைக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். முந்தின இரவே பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பயண உடையிலேயே படுக்க வைத்துவிடுங்கள். பருத்திச் சட்டைக்கு இரவில் தூங்கிய சுருக்கம் ஒரு பொருட்டில்லை. தூக்கிக் காரில் வைத்து, மெல்லிய மேலடுக்கைப் போர்த்தினால் உளுந்தூர்ப்பேட்டை தாண்டும்வரை தூங்குவார்கள். காலில் சாக்ஸ் மட்டும், செருப்பு கையில்.

பெரம்பலூர்ப் பக்கம் இட்லி சாப்பிட நிறுத்தும்போது மேலடுக்கு வெளியே வரவேண்டும். இதுதான் சாம்பார் நேரம். அம்மாவின் தோள்துண்டைப் பையனின் கழுத்தில் கட்டி ஓர் ஊக்கைக் குத்துங்கள். சாப்பிட்டபின் பனியன் சோதனை. வெயில் ஏறுவதால் ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளைக்கு வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து இடத்தை மாற்றுங்கள். அடர்ந்த நிறம் வெயிலை வாங்கும். காது சிவந்து, பின்னங்கழுத்து நனைந்திருந்தால் சட்டையைக் கழற்றிப் பனியனோடு விட்டுவிடலாம்.

திண்டுக்கல்லில் மதியச் சாப்பாடு. பிரியாணி சாப்பிடாமல் போகச் சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் மலையேறப்போகும் பிள்ளைகளுக்கு வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்த கறை இங்கேதான் விழும். விழுந்த இடத்தில் தண்ணீரை ஊற்றித் தேய்த்தால் எண்ணெய் பரவும். காகித நாப்கினை மேலே வைத்து அழுத்தி எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள், பிரிண்ட் அதைப் பார்த்துக்கொள்ளும்.

வத்தலக்குண்டு தாண்டி, மலையடிவாரத்தில் வண்டியை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். இந்த நிறுத்தத்தை எவ்வளவு அவசரமானாலும் விடாதீர்கள். இங்கே இரண்டு பிள்ளைகளுக்கும் சட்டையை மாற்ற வேண்டும்: நல்ல பிரிண்ட் சட்டையை எடுத்துவிட்டு, இருப்பதிலேயே பழைய, தூக்கிப்போட்டாலும் கவலையில்லாத முன்பட்டன் சட்டை. எங்கள் வீட்டில் இதற்கு மலைச்சட்டை என்று பெயர். மேலே ஏறச் சுமார் ஐம்பது கிலோமீட்டர் வளைவுகள். வாந்தி வந்தால் அந்தச் சட்டையோடு போகும், வராவிட்டால் லாபம். கழுத்துப் பட்டனைத் திறந்து விடுங்கள், இடுப்பு எலாஸ்டிக் இறுக்கமாக இருந்தால் தளர்வானதற்கு மாற்றுங்கள். வயிறும் கழுத்தும் அழுந்தினால் குமட்டல் இன்னும் கூடும்.

மேலே ஏற ஏறக் குளிர்கிறது என்று உடனே ஸ்வெட்டரை மாட்டிவிடாதீர்கள். குமட்டலில் இருக்கும் குழந்தைக்கு வியர்க்கும், புழுக்கம் அதைக் கூட்டும். கண்ணாடியை இறக்கிக் காற்றுப்பட விட்டு, ஜெர்கினை மடியில் மட்டும் போர்த்துங்கள். பெருமாள்மலை தாண்டி வெள்ளி அருவியில் எல்லாரும் இறங்குவார்கள். ஜிப்பைப் போட்டு, குல்லா, சாக்ஸ் எல்லாம் மாட்டுவது அங்கேதான். அருவிச்சாரலில் நனைந்தால் விடுதிவரை நடுங்கவேண்டும் என்பதால் பிள்ளைகளைச் சற்றுத் தள்ளியே நிறுத்துங்கள்.

எல்லாரும் ஒரே வெள்ளைச் சட்டையில் ஏரிக்கரையில் நின்று எடுக்கும் படம் வேண்டுமா? அந்த வெள்ளைச் சட்டைகளைப் பெட்டியின் அடியில் வையுங்கள், மறுநாள் காலை குளித்ததும் போட்டு, படம் எடுத்தவுடன் கழற்றுங்கள்.

பையை அடுக்குவது

ஆளுக்கொரு பை என்று அடுக்கினால் நடுவழியில் ஒரு பனியனுக்காக டிக்கியைக் கலைக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளின் உடைகளைச் செட் செட்டாக அடுக்குங்கள். பனியன், ஜட்டி, பேண்ட், சட்டை நான்கையும் ஒன்றாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டால் ஒரு செட். பையனுக்கு மூன்று, பெண்ணுக்கு இரண்டு, இவை அம்மாவின் காலடியில் இருக்கும் துணிப்பையில். கூடவே தனியாக நான்கு பனியன், இரண்டு மலைச்சட்டை, இரண்டு துண்டு. பலர் மறப்பது அம்மாவுக்கான மாற்று மேல்சட்டை. குழந்தை வாந்தி எடுத்தால் பாதி அம்மாமேல்தான் விழும். அதையும் இதே பையில் வையுங்கள்.

கொடைக்கானலில் துவைத்துக் காயவைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். கடலூர் மொட்டைமாடியில் ஒரு மணி நேரத்தில் காயும் பனியன் அங்கே பனியில் இரவெல்லாம் தொங்கினாலும் ஈரமாகவே இருக்கும்.

அழுக்குத்துணிக்குப் பிளாஸ்டிக் கவரை நம்பவேண்டாம், அது கிழியும், ஒழுகும், மலைமேல் கொண்டுபோகவும் கூடாது. மூடி இறுகும் சின்ன பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுவி எடுத்து வையுங்கள். வாந்தி வந்தால் நீட்டவும் அதுதான், நனைந்த துணியைப் போட்டு மூடவும் அதுதான். நாற்றம் வெளியே வராது.

மறைந்த கறை போய்விட்ட கறை இல்லை

இந்த முறையின் குறை இதுதான். கண்ணுக்குத் தெரியாத பால் இரண்டு மணி நேரத்தில் புளித்து நாறும், பழச்சாறு பட்ட சட்டைக்கு எறும்பு வரும், கழுத்தோரம் ஈரமாகவே இருந்தால் குழந்தைக்குத் தோல் சிவக்கும். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணை நம்பாமல் மூக்கை நம்புங்கள். சட்டையின் மார்பை மோந்து பார்த்து, புளித்த வாடை வந்தால் மாற்றிவிடுங்கள்.

கறை விழுந்த உடனே அந்த இடத்தில் ஒரு ஊக்கைக் குத்தி வையுங்கள், கழற்றிய பின்பு என்றால் அங்கே நூலால் ஒரு முடிச்சு. வீட்டுக்கு வந்து துவைக்கும்போது, நன்றாக மறைக்கும் பிரிண்ட்டில் கறை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. தேடாமல் மெஷினில் போட்டு, காய்ந்து, இஸ்திரியும் போட்டுவிட்டால் பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

துவைக்கும் வரிசை இப்படி. செம்மண்ணை நனைக்காமல், நன்றாகக் காயவைத்து உதறித் தட்டிவிட்டுப் பிறகுதான் தண்ணீர். பால், முட்டை, வாந்தி எல்லாம் பச்சைத்தண்ணீரில் ஊறவேண்டும், வெந்நீர் பட்டால் உறைந்து நூலைப் பிடித்துக்கொள்ளும். பிரியாணிக் கறைக்கு முதலில் எண்ணெயை எடுக்கப் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு. பலாப்பாலைத் தேங்காயெண்ணெய் தேய்த்து இளக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயை இதே லிக்விடால் போக்கலாம்.

மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் அது திடீரென்று சிவக்கும். பயந்து மேலும் மேலும் தேய்க்காதீர்கள், மஞ்சளில் இருக்கும் நிறப்பொருள் காரம் பட்டால் அப்படித்தான் சிவக்கும். நன்றாக அலசினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். பிறகு ஈரத்தோடு வெயிலில் போடுங்கள், இரண்டு மூன்று நாள் வெயிலில் மங்கிப்போகும். கறைபட்ட பக்கம் மட்டும் வெயிலைப் பார்க்கும்படி மடித்துப் போட்டால் மற்ற இடத்தின் சாயம் வெளுக்காது.

முந்திரிப்பழக் கறைதான் எதற்கும் முழுதாக மசியாது. விழுந்த உடனே தண்ணீரில் அலசினால் உண்டு, பழுப்பான பிறகு ப்ளீச் ஊற்றினால் கறைக்கு முன்னால் பிரிண்ட்டின் சாயம் போய்விடும். அந்தச் சட்டையோடு போராடாமல் மடித்து, அடுத்த வருஷத்து மலைச்சட்டைகளோடு வைத்துவிடுங்கள்.